இரண்டு எழுத்துக்குள் ஒரு குழந்தைத் தொப்பி



எங்கள் கிராமம் கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கிறது. 2009இல் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பிறகு மீளக் குடியேறியவர்கள் நாங்கள். குடும்பத்தைத் தனியே சுமக்கும் ஐந்து பெண்கள் சேர்ந்து கைப்பின்னல் வேலை செய்து வருகிறோம். நுவரெலியாவில் கடை வைத்திருக்கும் ஒருவர் குழந்தைகளுக்கான கம்பளித் தொப்பி நாற்பது கேட்டிருந்தார். மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரையான குழந்தைக்குப் பொருந்த வேண்டும், அளவு பிழைத்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நூலுக்குக் கொடுத்த காசு எங்களுடையது. ஆகவே ஒரு தொப்பிகூடத் திரும்பி வரக்கூடாது.

மாதிரிக்காக லண்டனில் இருக்கும் என் மச்சாள் ஒரு பிரித்தானியச் சஞ்சிகையின் பக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினாள். தொப்பி அழகாகத்தான் இருந்தது. ஆனால் கீழே இருந்த குறிப்பில் முழுச்சொல் ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் எண்ணும் எழுத்தும் ஒட்டிக்கொண்டு நின்றன.

"இது என்னடி பிள்ளை, சாதகக் குறிப்பு மாதிரிக் கிடக்குது" என்றார் எங்கள் பெரியக்கா. ஷெல்லடியில் அவருக்கு ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது. கைத்தொலைபேசித் திரையை அவரால் நெடுநேரம் பார்க்க முடியாது. ஆனால் எங்கள் ஐவரிலும் வேகமான கை அவருடையதுதான். அவருக்காகவே அந்தக் குறிப்பைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரு கொப்பியில் விரித்து எழுதத் தொடங்கினேன். அதை எப்படி விரிப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

படத்தில் இருந்த முதல் பகுதி இது:

```
Rnd 1: 3ch (counts as 1tr), 11tr in ring,
       ss to top of 3ch. (12 sts)
Rnd 2: 3ch, 1tr in same st, *2tr in next st;
       rep from * 10 times more, ss. (24 sts)
Rnd 3: 3ch, 2tr in next st, *1tr in next st,
       2tr in next st; rep from * 10 times
       more, ss. (36 sts)
```

இவை குரோசே ஊசியால் பின்னும்போது கை செய்யும் அசைவுகளின் பெயர்கள். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். நாங்கள் வைத்துக்கொண்ட பெயர்களைச் சொல்கிறேன். 'ch' என்பது சங்கிலி. 'st' என்பது கண்ணி, அதாவது பின்னி முடிந்த ஒரு தையல்; 'sts' என்றால் கண்ணிகள். 'ss' என்பது ஒட்டு: ஊசியை ஒரு கண்ணிக்குள் விட்டு, நூலைக் கொளுவி, கண்ணியையும் ஊசியில் இருக்கும் சுருக்கையும் ஒரே இழுவையில் கடந்துவிடுவது. அது சுற்றின் இரண்டு முனைகளை ஒட்ட உதவும், உயரம் தராது. 'Rnd' என்றால் சுற்று. 'rep' என்றால் திரும்பச் செய்.

மீதம் இருப்பது 'tr'. எங்களுக்குள் வாக்குவாதம் வந்ததும் அந்த இரண்டு எழுத்தில்தான்.

எங்களில் இளையவளிடம் ரொறன்ரோவில் இருக்கும் தமக்கை முன்னொருமுறை அனுப்பிய ஒரு படம் இருந்தது. அது அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றின் பக்கம். அதில் 'dc' என்று இருந்த இடமெல்லாம் அவள் நூலை ஒருமுறை சுற்றி, உயரமான கண்ணி போட்டுப் பழகியிருந்தாள். லண்டன் படத்தில் தொப்பியின் விளிம்புக்கு மட்டும் 'dc' என்று இருந்தது. ஆனால் படத்தில் அந்த விளிம்பு மிகக் கட்டையாக, இறுக்கமாகத் தெரிந்தது. "ஒரே எழுத்து எப்படியக்கா இரண்டு உயரமாய் வரும்?" என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது.

பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஒரே அசைவுக்கு வெவ்வேறு பெயர். எல்லாவற்றிலும் கட்டையான கண்ணியைப் பிரித்தானியர் 'dc' என்பர். அமெரிக்கர் அதையே 'sc' என்பர். நூலை ஒருமுறை சுற்றிப் போடும் உயரமான கண்ணி பிரித்தானியருக்கு 'tr', அமெரிக்கருக்கு 'dc'. இரண்டுமுறை சுற்றிப் போடும் இன்னும் உயரமான கண்ணி பிரித்தானியருக்கு 'dtr', அமெரிக்கருக்கு 'tr'. அதாவது ஒரு படி தள்ளி நிற்கிறது. எழுத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதனால் எங்கள் கொப்பியில் கட்டையான கண்ணியைக் 'குட்டை' என்றும், ஒருமுறை சுற்றுவதைத் 'தூண்' என்றும், இருமுறை சுற்றுவதை 'நெடுந்தூண்' என்றும் எழுதுகிறோம். எந்த நாட்டுப் படம் வந்தாலும் தூண் என்றால் தூண்தான்.

சரி, கையில் இருக்கும் படம் எந்த நாட்டு வழக்கு என்று எப்படி அறிவது? அனுப்பியவர் இருக்கும் நாட்டை மட்டும் நம்பக்கூடாது. லண்டன் கடையிலும் அமெரிக்கப் புத்தகம் விற்கும். குறிப்புக்குள்ளேயே அடையாளம் இருக்கிறது. 'sc' அல்லது 'hdc' என்று எங்கேனும் கண்டால் அது அமெரிக்க வழக்கு. பிரித்தானிய வழக்கில் அந்தப் பெயர்களே இல்லை. 'htr' என்று கண்டால் பிரித்தானிய வழக்கு. இவை ஒன்றும் இல்லாவிட்டால் சுற்றின் தொடக்கத்தில் எத்தனை சங்கிலி போடச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அந்தச் சங்கிலி, வரப்போகும் கண்ணியின் உயரத்துக்கு ஏறுவதற்கான ஏணி. குட்டைக்கு 1 சங்கிலி போதும். தூணுக்கு 3. நெடுந்தூணுக்கு 4. எங்கள் படத்தில் '3ch (counts as 1tr)' என்று இருந்தது. மூன்று சங்கிலி ஏறி 'tr' போடச் சொன்னால் அந்த 'tr' தூண்தான், நெடுந்தூண் அல்ல. ஆகவே பிரித்தானிய வழக்கு.

இதை அறியாமல் அமெரிக்க வழக்கில் நெடுந்தூணாகப் போட்டால் என்ன ஆகும் என்று ஒரு மிச்ச நூலில் போட்டுப் பார்த்தோம். உச்சி தட்டையாக விரியாமல் கிண்ணம்போலக் குவிந்தது. சுற்றுத் தொடக்கத்தில் மூன்று சங்கிலி எட்டாமல் அந்த இடம் பள்ளமாக இழுத்தது. பன்னிரண்டு சுற்றும் போட்டிருந்தால் ஆழம் 20 சென்ரிமீற்றரைத் தாண்டியிருக்கும்; குழந்தையின் முகத்தையே மூடும். ஆகவே இரண்டாம் மூன்றாம் சுற்றிலேயே குவிவும் பள்ளமும் கண்டால், நூலைக் குறை சொல்லாமல் நாட்டு வழக்கைச் சரிபாருங்கள்.

இனித் தூண் போடும் விதம். பெரியக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்தபடியே தருகிறேன். நூலை ஊசியில் ஒருமுறை சுற்று. ஊசியைக் கண்ணிக்குள் விடு. நூலைக் கொளுவி வெளியே இழு. இப்போது ஊசியில் 3 சுருக்கு. நூலைக் கொளுவி 2 சுருக்கினூடாக இழு, மீதம் 2. மறுபடி கொளுவி அந்த 2 சுருக்கினூடாகவும் இழு, மீதம் 1. ஒரு தூண் முடிந்தது. ஒவ்வொரு படியிலும் எத்தனை சுருக்கு என்று எழுதினால், பார்க்காமலே விரலால் தடவிச் சரிபார்க்கலாம். குட்டைக்கு நூலைச் சுற்றுவதில்லை. ஊசியை விட்டு, நூலை இழுத்தால் 2 சுருக்கு. மறுபடி கொளுவி இரண்டினூடாகவும் இழுத்தால் முடிந்தது.

அடுத்து எண் எங்கே நிற்கிறது என்று பார்க்கவேண்டும். '2tr in next st' என்றால் அடுத்த ஒரே கண்ணிக்குள் இரண்டு தூண். ஒன்று இரண்டாகிறது, தொப்பி அகலிக்கிறது. '1tr in each of next 2 sts' என்றால் அடுத்த இரண்டு கண்ணியிலும் ஒவ்வொரு தூண். இதில் அகலம் கூடுவதில்லை. இரண்டிலும் 2 என்ற எண் இருக்கிறது. எழுத்துக்கு முன்னால் நின்றால் ஒரே வீட்டில் இரண்டு பேர், பின்னால் நின்றால் இரண்டு வீட்டில் ஆளுக்கொருவர் என்று நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோம்.

நட்சத்திரக் குறி இருக்கிறதே, அது திரும்பச் செய்யவேண்டிய துண்டு தொடங்கும் இடம். 'rep from * 10 times more' என்றால், நட்சத்திரத்திலிருந்து ஒருமுறை செய்து முடித்தபின் இன்னும் பத்து முறை, மொத்தம் பதினொன்று. முதல் துண்டு ஏன் நட்சத்திரத்துக்கு வெளியே நிற்கிறது? அந்தத் துண்டின் முதல் தூணுக்குப் பதிலாக மூன்று சங்கிலி நிற்பதால், அதைத் தனியாக எழுதியிருக்கிறார்கள். தனித்துண்டு ஒன்று, நட்சத்திரத் துண்டு பதினொன்று, ஆக பன்னிரண்டு.

சுற்றின் முடிவில் '(12 sts)' என்று அடைப்புக்குள் இருப்பது வேலை அல்ல. சுற்று முடிந்ததும் எத்தனை கண்ணி இருக்கவேண்டும் என்ற கணக்கு. அதை எழுதாமல் விடவே கூடாது.

இவ்வளவும் தெரிந்தபின் கொப்பியில் எழுதியது இதுதான்.

நான்கு சங்கிலி போட்டு, முதல் சங்கிலியில் ஒட்டி, சிறு வளையம் செய்க.

முதலாம் சுற்று: 3 சங்கிலி ஏறுக. இது முதல் தூண். வளையத்துக்குள் இன்னும் 11 தூண். மூன்றாவது சங்கிலியின் தலையில் ஒட்டுக. எண்ணுக: 12.

இரண்டாம் சுற்று: 3 சங்கிலி, அது ஏறிய அதே கண்ணியில் இன்னும் ஒரு தூண். மற்ற 11 கண்ணியிலும் இரண்டிரண்டு தூண். ஒட்டுக. எண்ணுக: 24.

மூன்றாம் சுற்று: ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு. இப்படிப் பன்னிரண்டு முறை. முதல் தூண் எப்போதும் 3 சங்கிலி. எண்ணுக: 36.

நாலாம் சுற்று: ஒன்று, ஒன்று, இரண்டு. பன்னிரண்டு முறை. எண்ணுக: 48.

ஐந்தாம் சுற்றில் ஒரு சிக்கல். மச்சாள் எடுத்த படத்தில் அந்த வரி சஞ்சிகையின் மடிப்புக்குள் போய்விட்டது. '(60 sts)' என்பது மட்டும் தெரிந்தது. அதுவே போதுமாயிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பன்னிரண்டுதான் கூடுகிறது. 48 கண்ணியைப் பன்னிரண்டு துண்டாக்கினால் துண்டுக்கு 4 கண்ணி. ஒவ்வொரு துண்டிலும் ஒன்று கூடவேண்டும். ஆகவே ஒன்று, ஒன்று, ஒன்று, இரண்டு; பன்னிரண்டு முறை. 5 தூண் பன்னிரண்டு முறை வந்தால் 60. கணக்குச் சரி. மங்கலான படத்தில் 3 எது 8 எது என்று தெரியாதபோதும் இந்தக் கணக்குத்தான் கைகொடுக்கும்.

ஆறாம் சுற்றிலிருந்து பன்னிரண்டாம் சுற்றுவரை கூட்டுவது இல்லை. கண்ணிக்கு ஒரு தூண், ஒவ்வொரு சுற்றிலும் 60. பதின்மூன்றாம் சுற்று விளிம்பு: 1 சங்கிலி போட்டு, அது ஏறிய கண்ணியிலிருந்தே தொடங்கி 60 குட்டை. இங்கே அந்த ஒற்றைச் சங்கிலியை எண்ணுவதில்லை. முதல் குட்டையில் ஒட்டி, நூலை வெட்டி, நுனியை உள்பக்கம் கோத்து மறைக்க வேண்டும்.

எண்ணிக்கை பிழைக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: அந்த மூன்று சங்கிலி. அது தூணாக நிற்கிறது என்பதை மறந்து அதன் அடியிலேயே இன்னொரு தூண் போட்டால் 61 ஆகும். இரண்டாம் சுற்றில் மட்டுமே அப்படிப் போடவேண்டும். சுற்று முடிவில் சங்கிலியின் தலையை விட்டுவிட்டு வேறெங்கோ ஒட்டி, அடுத்த சுற்றில் அந்தத் தலையைத் தாண்டிப் போனால் 59 ஆகும். ஒன்று கூடுவது ஒரு சுற்றில் தெரியாது. ஏழு சுற்றிலும் அப்படியே வந்தால் விளிம்பு அலை அலையாக நிற்கும், அல்லது தொப்பி வாய் ஒடுங்கும். இதற்காகப் பெரியக்கா மூன்றாவது சங்கிலியின் தலையில் ஒரு சிறு ஊக்கைக் குத்தி வைப்பார். சுற்றி வந்து விரல் ஊக்கில் படும்போது, ஒட்டவேண்டிய இடம் அதுதான் என்று அவருக்குத் தெரியும். பின்னி முடிந்ததும் ஊக்கைக் கழற்றி டப்பாவில் போட்ட பிறகுதான் தொப்பியைக் கீழே வைப்பார். குழந்தையின் பொருள் அல்லவா?

கொப்பி எழுதி முடித்ததும் ஐவரும் வேலையைத் தொடங்கிவிடவில்லை. படத்தின் ஓரத்தில் இன்னொரு வரி இருந்தது:

```
Tension: 16 tr and 8 rows to 10cm, 4mm hook
```

இதில் 'Tension' என்பது பின்னலின் இறுக்கம். அமெரிக்கக் குறிப்பில் இதையே 'Gauge' என்பார்கள். 4 மில்லிமீற்றர் ஊசியால் பின்னினால், 10 சென்ரிமீற்றர் அகலத்துக்குள் 16 தூணும், 10 சென்ரிமீற்றர் உயரத்துக்குள் 8 வரிசையும் வரவேண்டும் என்று பொருள். தொப்பியின் அளவே இந்த வரியில்தான் இருக்கிறது. 10 சென்ரிமீற்றருக்கு 16 என்றால் 60 கண்ணிக்கு முப்பத்தேழரை சென்ரிமீற்றர் சுற்றளவு. அந்த வயதுக் குழந்தையின் தலை பெரும்பாலும் 40 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே இருக்கும். கம்பளிப் பின்னல் இழுபடும் என்பதால் தொப்பியைக் கொஞ்சம் சிறிதாகப் பின்னுவார்கள்.

சந்தையில் நாங்கள் வாங்கிய நூலில் தடிப்பைச் சொல்லும் சீட்டு எதுவும் இருக்கவில்லை. அதனால் 24 தூண் அகலமும் 10 வரிசை உயரமுமாக ஒரு துண்டு பின்னி, மேசையில் இழுக்காமல் விரித்து, நடுவில் அடிமட்டத்தை வைத்து எண்ணினோம். ஓரக் கண்ணிகளை எண்ணக்கூடாது, அவை இழுபட்டு நிற்கும். 10 சென்ரிமீற்றருக்கு 16 வரவில்லை, 20 வந்தது. எங்கள் நூல் மெல்லியது. கொப்பியில் இருப்பதை அப்படியே பின்னினால் 60 கண்ணிக்கு 30 சென்ரிமீற்றர்தான் வரும். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்குத்தான் அது சரி. நாற்பதும் திரும்பி வந்திருக்கும்.

பெரிய ஊசி எடுத்தால் கொஞ்சம் அகலிக்கும், ஆனால் மெல்லிய நூலில் ஓட்டை ஓட்டையாக நிற்கும். நுவரெலியாக் குளிருக்கு அது உதவாது. அதனால் கூட்டும் சுற்று ஒன்றைச் சேர்த்தோம். ஆறாம் சுற்று: ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, இரண்டு, பன்னிரண்டு முறை. எண்ணுக: 72. பத்துக்கு 20 என்றால் 72 கண்ணிக்கு 36 சென்ரிமீற்றர். இது போதும். மெல்லிய நூலில் சுற்றின் உயரமும் குறைவு என்பதால், அதன்பின் எத்தனை சுற்று என்று எண்ணாமல், உச்சி நடுவிலிருந்து விளிம்புவரை 15 சென்ரிமீற்றர் வரும்வரை நேராகப் பின்னினோம். எங்கள் கைக்கு அது பத்துச் சுற்றாக வந்தது.

அதிலும் ஐந்து பேரின் கை ஒன்றுபோல் இல்லை. இளையவளின் கை இறுக்கம். அவளுக்குப் பத்துக்கு 22 வந்தது. அவளுக்கு மட்டும் நாலரை மில்லிமீற்றர் ஊசி கொடுத்தோம், 20க்கு வந்துவிட்டது. முதல் தொப்பி ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, வாய் ஒத்துப்போன பிறகே மற்றதைத் தொடங்கினோம். நாற்பதும் குறித்த நாளில் போயின. கடைக்காரர் சிலவற்றை நாடாவால் அளந்து பார்த்தாராம். ஒன்றும் திரும்பி வரவில்லை.

உங்களுக்கும் வெளிநாட்டிலிருந்து யாரேனும் பின்னல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால், முதலில் ஒன்று கேளுங்கள். தொப்பி இருக்கும் பக்கம் மட்டும் போதாது. நூல், ஊசி, இறுக்கம் பற்றிச் சொல்லும் ஓரப் பத்தியும் வேண்டும். சுருக்கங்களின் விரிவு அநேகமாகச் சஞ்சிகையின் பின்பக்கத்தில் ஒரே இடத்தில் இருக்கும். அதையும் எடுக்கச் சொல்லுங்கள். எந்த நாட்டு வழக்கு என்பதும் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும். மடிப்பை நன்றாக விரித்து, பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் எடுக்கச் சொல்லுங்கள். நட்சத்திரக் குறி சிறியது, நிழலில் முதலில் மறைவது அதுதான்.

எங்கள் கொப்பியின் முதல் பக்கத்தில் இப்போது குட்டை, தூண், நெடுந்தூண் மூன்றும் சிறு துண்டாகப் பின்னித் தைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு நாட்டு எழுத்தும் எழுதியிருக்கிறது. புதிதாகப் பழக வருபவர்கள் முதலில் அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறார்கள்.